மூன்று பாத்திரம், மூன்று நிமிடம்

பள்ளி அறிவியல் கண்காட்சியில் நடுவர் ஒரு மேசைக்கு முன்னால் நிற்பது மூன்று நான்கு நிமிடம்தான். பிள்ளை விறைப்பாக நின்று, "மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே" என்று மனப்பாடம் செய்ததை ஆரம்பிக்கிறது. நடுவரோ மேசையில் இருக்கிற சாமானைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதை ஏன் மூடி வச்சிருக்கே?" என்று கேட்கிறார். அந்த இடத்தில் மனப்பாடம் அறுந்துபோகிறது. விட்ட வரியைத் தேடிக் கிடைக்காமல், பிள்ளை மறுபடியும் "மதிப்பிற்குரிய" என்று முதலிலிருந்து தொடங்குகிறது.

பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்கிற முறையிலேயே இதற்கும் தயார் செய்வதால் வருகிற வினை இது. மேடையில் குறுக்கே யாரும் பேச மாட்டார்கள். கண்காட்சி மேசையில் எதிரில் நிற்பவர் பொருளைத் தொடுவார், பாதியில் வந்து சேருவார், பாதியில் கிளம்பிவிடுவார். போதாததற்கு, பெரும்பாலான வீடுகளில் முதலில் மாதிரியைச் செய்து முடித்துவிட்டு, கண்காட்சிக்கு முந்தின நாள் ராத்திரிதான் "என்ன பேசப் போறே?" என்று கேட்கிறோம்.

இதைத் தலைகீழாகச் செய்து பார்க்கலாம். பேச்சின் கடைசி வாக்கியம் எது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், அந்த வாக்கியத்தைத் தைரியமாகச் சொல்ல எதையெல்லாம் அளந்திருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். சோதனையை அதற்கேற்றபடி அமைக்கலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு, அதாவது ஐந்தாம் வகுப்பு மாணவிக்குப் பொருந்துகிற ஒரு சோதனையை எடுத்துக்கொண்டு, பேச்சை எப்படித் திட்டமிடுவது என்று பார்ப்போம். செலவு அதிகம் வைக்காத சோதனை: மண்பானைத் தண்ணீர்.

தலைப்பைக் கேள்வியாக மாற்றுவது

"மண்பானையின் நன்மைகள்" என்பது கட்டுரைத் தலைப்பு. அதை வைத்துக்கொண்டு எதையும் அளக்க முடியாது. "மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது?" என்பது கேள்விதான், ஆனால் பதிலைப் புத்தகத்தில் பார்த்து எழுதிவிடலாம். பிள்ளை தன் கையால் கண்டுபிடிக்கும்படி அதை இன்னும் கொஞ்சம் கூராக்க வேண்டும்.

வீட்டில் பெரியவர்களிடம் கேட்டால், "மண்ணுக்கே குளிர்ச்சி உண்டு" என்பார்கள். பாடப்புத்தகத்தில், பானையின் நுண்துளைகள் வழியாகத் தண்ணீர் கசிந்து ஆவியாவதால் குளிர்கிறது என்று இருக்கும். இரண்டு பதில்கள் எதிரெதிரே நிற்கின்றன. அப்படியானால் கேள்வி இதுதான்: "பானைத் தண்ணி குளிர்றதுக்குக் காரணம் மண்ணா, ஆவியாப் போற தண்ணியா?" இதற்கு ஆம், இல்லை என்று வாயால் சொல்லிவிட முடியாது. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி கண்டுபிடித்தாக வேண்டும்.

மண் இருக்க வேண்டும், ஆனால் ஆவியாவது நின்றுபோக வேண்டும். அதற்கு, அதே மாதிரி இன்னொரு பானையை வாங்கி, வெளிப்புறம் முழுக்கப் பாலித்தீன் தாளால் இறுக்கமாகச் சுற்றிவிட்டால் போதும். கசிகிற தண்ணீர் காற்றோடு சேர வழி இருக்காது. மண்ணுக்கே குளிர்ச்சி இருந்தால், சுற்றிய பானையும் குளிர வேண்டும். ஆவியாவதுதான் காரணம் என்றால், சுற்றாத பானை மட்டும் குளிர வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, மண்ணே இல்லாத ஒரு எவர்சில்வர் பாத்திரமும் பக்கத்தில் இருக்கட்டும்.

இப்போது பேச்சின் கடைசி வாக்கியம் கிடைத்துவிட்டது: "சுத்தாத பானை குளிர்ந்துச்சு, சுத்தின பானை குளிரலை. அதனால காரணம் மண்ணு மட்டும் இல்லை, ஆவியாப் போற தண்ணிதான்." ஒருவேளை சுற்றிய பானையும் குளிர்ந்துவிட்டால் வாக்கியம் மாறும். அதுவும் பேச்சுக்கு நல்ல விஷயம்தான். எப்படி வந்தாலும், பிள்ளை நடுவில் நிறுத்திக் காட்ட வேண்டிய பொருள் அந்தச் சுற்றிய பானை. பல கண்காட்சிகளில் பானையையும் எவர்சில்வரையும் மட்டும் வைத்துவிட்டு, "மண்பானை சிறந்தது" என்று முடித்துவிடுகிறார்கள். மூன்றாவது பாத்திரம் இல்லாமல் "ஏன்" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வழியில்லை.

எதை அளப்பது, எப்படி அளப்பது

கடைசி வாக்கியத்தில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன: குளிர்ந்தது, ஆவியாகப் போனது. ஆகவே இரண்டு அளவுகள் வேண்டும். ஒன்று வெப்பநிலை, இன்னொன்று எடை.

காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரில் அளவுகோடே 35 டிகிரிக்கு மேல்தான் ஆரம்பிக்கும். பானைத் தண்ணீர் அதைவிடக் குளிர்ச்சி. பள்ளி ஆய்வகத்தில் இருக்கிற, சிவப்புத் திரவம் உள்ள 0 முதல் 100 டிகிரி தெர்மாமீட்டரையோ, சமையலுக்கு விற்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டரையோ பயன்படுத்தலாம். பாதரசத் தெர்மாமீட்டரைச் சின்னப் பிள்ளை கையில் கொடுக்க வேண்டாம். மூன்று பாத்திரத்துக்கும் ஒரே தெர்மாமீட்டர்தான். இரண்டு தெர்மாமீட்டர்கள் ஒரே தண்ணீரில் ஒரு டிகிரி முன்பின் காட்டினால் ஒப்பீடே கெட்டுவிடும்.

எடைக்கு, ஐந்து கிலோ வரை ஒரு கிராம் சுத்தமாகக் காட்டுகிற சமையலறைத் தராசு போதும். தண்ணீர் எவ்வளவு குறைந்தது என்று டம்ளரால் அளந்தால் ஏமாந்துபோவோம். புதுப் பானையின் மண்ணே தண்ணீரைக் குடிக்கும்; டம்ளர் கணக்கில் அதுவும் ஆவியாகப் போனதாகத் தெரியும். பானையைத் தண்ணீரோடு சேர்த்து நிறுத்தால், மண்ணுக்குள் போன தண்ணீரும் எடையில் சேர்ந்தே இருக்கும். காற்றில் போனது மட்டும் குறையும். அடியில் சொட்டுகிற தண்ணீர் தப்பிவிடாமல் இருக்க, பானையை ஒரு தட்டில் வைத்துத் தட்டோடு நிறுக்க வேண்டும்.

மற்ற ஏற்பாடுகள் இவை. புதுப் பானைகள் இரண்டையும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்து எடுக்கவும். வார்னிஷ் அடித்த, பளபளப்புப் பூசிய பானை கூடாது. அதன் துளைகள் ஏற்கெனவே அடைபட்டிருக்கும். வருஷக்கணக்கில் புழங்கிய பானையும் வேண்டாம், உப்புத் தண்ணீரின் படிவு துளைகளை அடைத்திருக்கலாம். முந்தின நாள் ராத்திரியே ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து வைத்து, காலையில் அதிலிருந்து மூன்றிலும் ஒரு லிட்டர் ஊற்றவும். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து நேராகப் பிடித்தால், வெயிலில் கொதித்த தண்ணீர் ஆறுவதையும் பானை குளிர்வித்ததாகக் கணக்குப் போட்டுவிடுவோம். மூன்றையும் தட்டால் மூடி, வெயில் படாத, காற்றோட்டமான ஒரே இடத்தில் வைக்கவும். படிக்கும் முன் கரண்டியால் ஒரு கலக்கு கலக்க வேண்டும்; குளிர்ந்த தண்ணீர் அடியில் தங்கிவிடும். தெர்மாமீட்டரை ஒரு நிமிடம் தண்ணீருக்குள்ளேயே விட்டு, வெளியே எடுக்காமல் படிக்கவும்.

காலை பத்து மணிக்கு ஆரம்பித்து, மணிக்கு ஒரு முறை, மதியம் இரண்டு மணி வரை குறித்தால் போதும். இதையே மூன்று நாள் செய்யவும். மூன்று நாளும் எண்கள் ஒன்றாக இருக்காது, இருக்கவும் வேண்டாம். மூன்று நாளும் ஒரே பானைதான் ஜெயித்ததா என்பதுதான் கேள்வி.

எண்கள் வந்த பிறகு

ஒரு நாள் கணக்கு இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம். காலையில் மூன்றிலும் 31 டிகிரி. மதியம் இரண்டு மணிக்கு அறையில் 33. எவர்சில்வரில் 32, சுற்றிய பானையில் 32, சுற்றாத பானையில் 27. எடை சுற்றாத பானையில் 60 கிராம் குறைந்திருக்கிறது. சுற்றியதில் 4 கிராம், எவர்சில்வரில் 1 கிராம்.

பேச்சுக்கு இதில் ஆறு எண்கள் போதும்: மூன்று வெப்பநிலை, மூன்று எடைக்குறைவு. மணிக்கணக்கு விவரமெல்லாம் நோட்டில் இருக்கட்டும். கேட்டால் எடுத்துக் காட்டலாம். அட்டையில் பெரிதாக மூன்று பட்டைகள் வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் அந்தப் பாத்திரத்தின் படத்தைப் பிள்ளையே வரையட்டும். மேசையில் பாத்திரங்கள் இடமிருந்து வலமாக எந்த வரிசையில் இருக்கின்றனவோ, அட்டையிலும் அதே வரிசை இருக்க வேண்டும். எவர்சில்வர், சுற்றாத பானை, சுற்றிய பானை. பேச்சும் அதே வரிசையில் போகும். வரி மறந்துபோனால் பிள்ளை அடுத்த பாத்திரத்தைப் பார்த்தால் போதும், சொல்ல வேண்டியது அதிலேயே இருக்கிறது.

ஒரு பெரியவர் புரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது, ஏறத்தாழ 580 கிராம் தண்ணீரை ஒரு டிகிரி குளிர்விக்கிற அளவுக்கு வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அந்தக் கணக்கில் ஒரு லிட்டர் தண்ணீரை 4 டிகிரி குறைக்க 7 கிராம் ஆவியானால் போதும். பானையின் மண்ணையும் சேர்த்துக் குளிர்விக்க இன்னும் ஒரு கிராம் கூடலாம். ஆனால் போனதோ 60 கிராம். மீதி 50 கிராமுக்கு மேல் என்ன செய்தது? பானை குளிர ஆரம்பித்த உடனே, சுற்றியிருக்கிற சூடான காற்று அதற்குள் வெப்பத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. உள்ளே வருகிற அந்த வெப்பத்தைத் திரும்ப வெளியே கொண்டுபோவதில்தான் பெரும்பகுதித் தண்ணீர் செலவாகிறது. ஓட்டைப் படகில் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பது மாதிரி. இறைப்பது நின்றால், அதாவது பானை காய்ந்தால், தண்ணீரின் சூடு மெல்ல ஏறி அறையின் சூட்டுக்கே வந்துவிடும்.

இந்த எண்களைப் பிள்ளையின் பேச்சில் திணிக்க வேண்டாம். விவரம் தெரிந்த நடுவர் "60 கிராம் போயும் 4 டிகிரிதானா குறைஞ்சுது?" என்று கேட்டால், "வெளிக் காத்து சூடா இருக்கு சார். அது பானையைத் திரும்பத் திரும்பச் சூடாக்குது, தண்ணி திரும்பத் திரும்பக் குளிர வைக்குது" என்று பிள்ளை சொன்னால் போதும்.

பிள்ளையின் வாயிலிருந்து வரும் வாக்கியம்

பேச்சை அம்மாவோ அப்பாவோ எழுதிக் கொடுத்தால், "ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் காரணமாக" என்று எழுதத் தோன்றும். நடுவர் "உள்ளுறை வெப்பம்னா என்னம்மா?" என்று கேட்கிற ஒரே கேள்வியில் அது கவிழும். அதனால் எழுதுவதற்கு முன்னால் கேட்டுப் பார்க்க வேண்டும். பாத்திரங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்த மாதிரி:

"பானையோட எடை குறைஞ்சிருக்கே, தண்ணி எங்கடி போச்சு?"

"காத்துல போயிடுச்சும்மா."

"போறப்ப சும்மா போச்சா?"

"இல்லம்மா... சூட்டையும் எடுத்துட்டுப் போயிடுச்சு."

"சுத்தின பானையில?"

"அதுல தண்ணி வெளிய வந்து பிளாஸ்டிக்லயே நின்னுடுச்சு. போக வழியில்லை. அதான் சூடும் போகலை."

விளக்கம் இவ்வளவுதான். பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். "ஆவியாதல்" என்ற சொல் பாடத்தில் வந்திருப்பதால் அதை ஓரிடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். தானே விளக்க முடியாத எந்தச் சொல்லும் பேச்சில் இருக்கக் கூடாது என்பது ஒரே விதி.

எவ்வளவு எழுதலாம் என்பதற்கு ஒரு அளவு உண்டு. தமிழ்ப் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியை, பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்கிற வேகத்தில், ஒரு நிமிடம் படிக்கச் சொல்லி எத்தனை சொல் வந்தது என்று எண்ணிப் பாருங்கள். 90 வந்தால் மூன்று நிமிடத்துக்கு 270. அதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். பானையைத் தூக்க, தாளைப் பிரித்துக் காட்ட, அட்டையில் விரல் வைக்க நேரம் வேண்டும். ஆக, 180 சொல். எழுதி முடித்தால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வணக்கம் சார். எங்க வீட்ல எல்லாரும் பானைத் தண்ணிதான் குடிப்போம். எங்க பாட்டி, மண்ணுக்கே குளிர்ச்சி உண்டுன்னு சொல்வாங்க. எங்க புஸ்தகத்துல, தண்ணி ஆவியாப் போறதாலதான் குளிருதுன்னு இருக்கு. எது சரின்னு பார்க்க இதைச் செஞ்சேன். பாட்டி சொல்றதுதான் சரியா இருக்கும்னு நான் முதல்ல நினைச்சேன்.

இது எவர்சில்வர். இது பானை. இதுவும் அதே மாதிரிப் பானைதான், ஆனா தண்ணி ஆவியாப் போக முடியாம சுத்தி வச்சிட்டேன். மூணுலயும் ஒரு லிட்டர் தண்ணி, ஒரே வாளித் தண்ணி. காலைல எல்லாம் 31 டிகிரி இருந்துச்சு.

நாலு மணி நேரம் கழிச்சு எவர்சில்வர் 32. இந்தப் பானை 27. சுத்தின பானையும் 32தான். சுத்தின பானை குளிரவே இல்லை. மூணு நாள் செஞ்சேன், மூணு நாளும் இந்தப் பானைதான் குளிர்ந்துச்சு.

எடையும் போட்டேன். இந்தப் பானையில 60 கிராம் குறைஞ்சுது. சுத்தினதுல 4 கிராம்தான். இங்க பாருங்க சார், பிளாஸ்டிக்குக்கு உள்ள ஈரமா இருக்கு. தண்ணி வெளிய வந்திருக்கு, ஆனா காத்துல போக முடியலை.

உங்க கையைக் கொஞ்சம் நீட்டுறீங்களா சார்? இந்த விரல்ல மட்டும் தண்ணி தொட்டு வைக்கிறேன். இப்ப ஊதிப் பாருங்க. ஈரமான விரல் மட்டும் ஜில்லுன்னு இருக்கா? போற தண்ணி சூட்டை எடுத்துட்டுப் போகுது. பானையிலயும் அதேதான்.

ஒரு நாள் மழை பெய்ஞ்சுது. அன்னைக்குக் கம்மியாத்தான் குளிர்ந்துச்சு. மண்ணு மட்டும் காரணம்னா மழை நாள்லயும் அதே மாதிரி குளிர்ந்திருக்கணும். அதனால காரணம் ஆவியாப் போற தண்ணிதான். மண்ணு அதுக்கு வழி விடுது."

இந்தப் பேச்சு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். பிள்ளை தன் ஊகத்தை முடிவுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறாள், அது தப்பாகப் போனதையும் மறைக்கவில்லை. என்ன செய்தேன் என்பது நான்கு வரியில் முடிந்துவிடுகிறது, ஏனென்றால் பாத்திரங்கள் எதிரிலேயே இருக்கின்றன. என்ன பார்த்தேன் என்பது முழுதாகச் சொல்லி முடிந்த பிறகுதான் காரணம் வருகிறது. விரலை ஊதிப் பார்க்கச் சொல்கிற பத்து விநாடி, காரணத்தை நடுவரின் உடம்பிலேயே காட்டிவிடுகிறது. "மண்ணு அதுக்கு வழி விடுது" என்ற கடைசி வரி பாட்டியையும் முழுக்க விட்டுக்கொடுக்கவில்லை. நுண்துளைகள் இருப்பது மண்ணில்தானே. மழை நாள் வரியைப் பொறுத்தவரை, சோதனை நடந்த நாட்களில் அப்படி மழை வந்திருந்தால் மட்டுமே சொல்ல வேண்டும். நடக்காததை அழகுக்காகச் சேர்க்கக் கூடாது.

கேள்விகள்: பேச்சின் இரண்டாம் பாதி

மூன்று நிமிடம் பேசினால், அதே அளவுக்குக் கேள்விகள் வரும். அவற்றில் பாதியை முன்கூட்டியே ஊகித்துவிடலாம். ஏன் மூடி வைத்தாய்? மேல்பக்கமாகவும் தண்ணீர் ஆவியாகும்; மூடினால்தான் பக்கவாட்டுச் சுவர் வழியாகப் போவதை மட்டும் பார்க்க முடியும். ஏன் வெயிலில் வைக்கவில்லை? வெயில் பானையைச் சூடாக்கிவிடும். குளிர்வதும் சூடாவதும் ஒன்றாகக் கலந்துவிடும். பானையை ஈரத் துணியால் சுற்றினால்? துணியில் தண்ணீர் இன்னும் பரந்து நிற்பதால் ஆவியாக இடம் கிடைக்கும். ஒரு நாள் செய்து பார்த்துவிட்டே போகலாம்.

கொஞ்சம் கடினமான கேள்வி, "எவ்வளவு நேரம் வச்சாலும் இன்னும் குளிர்ந்துக்கிட்டே போகுமா?" என்பது. போகாது. காற்றில் ஏற்கெனவே எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பது ஒரு எல்லை போட்டுவிடுகிறது. அந்த எல்லையைப் பிள்ளையே அளக்கலாம்: தெர்மாமீட்டரின் குமிழில் ஈரமான பருத்தித் துணியைச் சுற்றி, மின்விசிறிக் காற்றில் பிடித்தால், இறங்கி இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அன்றைக்கு அந்த அறையில் பானைத் தண்ணீர் அதற்குக் கீழே போகாது. காற்று 35 டிகிரியாகவும் ஈரப்பதம் 40 சதவீதமாகவும் இருந்தால், அந்த எல்லை சுமார் 24 டிகிரி. அதே 35 டிகிரியில் ஈரப்பதம் 70 சதவீதமாக இருந்தால் சுமார் 30. கடலோர ஊரில் புழுக்கமான நாளில் பானைத் தண்ணீர் அவ்வளவாக ஜில்லென்று இல்லாததும், உள்நாட்டு ஊரின் வறண்ட கோடையில் அதே பானை நன்றாகக் குளிர்வதும் இதனால்தான். கண்காட்சி நடக்கும் ஹாலில் கூட்டமும் புழுக்கமும் இருக்கும். அங்கே பானை வீட்டில் இருந்த அளவுக்குக் குளிராமல் போகலாம். அதனால் நோட்டும் அட்டையும் வீட்டு எண்களைச் சொல்லட்டும். ஹாலில் குளிரவில்லை என்றால், "இங்க காத்துல ஈரம் ஜாஸ்தி சார்" என்று அதையும் பேச்சோடு சேர்த்துக்கொள்ளலாம்.

பதில் தெரியாத கேள்வியும் கட்டாயம் வரும். "கறுப்புப் பானை அதிகமாக் குளிருமா?" என்று ஒருவர் கேட்பார். மழுப்பக் கூடாது, சும்மா தலையாட்டவும் கூடாது. "தெரியலை சார். ரெண்டு நிறத்துலயும் ஒரே அளவுப் பானை வாங்கி எடை போட்டுப் பார்க்கணும்" என்ற பதிலைப் பழக்கிவிடுங்கள். தெரியாததை எப்படித் தெரிந்துகொள்வது என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத் தன் சோதனை புரிந்திருக்கிறது என்று நடுவர் அறிந்துகொள்வார்.

ஒத்திகை

எழுதிய 180 சொல்லையும் மனப்பாடம் செய்ய விட வேண்டாம். முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் உறுதியாக இருக்கட்டும். நடுவில் உள்ளதற்கு உள்ளங்கை அளவில் நான்கு அட்டைகள் போதும். ஒவ்வொன்றிலும் ஒரு படம் அல்லது இரண்டு சொல். முதல் அட்டையில் "பாட்டியா, புஸ்தகமா?" இரண்டாவதில் மூன்று பாத்திரங்களின் படம். மூன்றாவதில் ஆறு எண்கள். நான்காவதில் ஒரு விரல். முழு வாக்கியம் எழுதினால் பிள்ளை அதைப் படிக்க ஆரம்பித்துவிடும், கண் நடுவரை விட்டுப் போய்விடும்.

முதல் ஒத்திகை வீட்டில், பாத்திரங்களோடு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கை எங்கே இருக்க வேண்டும் என்று பார்க்கவும். "சுத்தின பானையும் 32தான்" என்று சொல்லும்போது கை அந்தப் பானையின் மேல் இருக்க வேண்டும். எவர்சில்வரைத் தொட்டுக்கொண்டு பானையைப் பற்றிப் பேசினால் கேட்பவர் குழம்பிவிடுவார். இரண்டாவது ஒத்திகை, சோதனையைப் பார்க்காத ஒருவரிடம்: பக்கத்து வீட்டு அக்காவோ, தாத்தாவோ. கேட்டு முடித்ததும், "என்ன கண்டுபிடிச்சான்னு நீங்க சொல்லுங்க" என்று அவரைச் சொல்லச் சொல்லவும். அவர் "மண்பானை உடம்புக்கு நல்லது" என்று சொன்னால், சுற்றிய பானை பேச்சில் சரியாக விழவில்லை என்று அர்த்தம். மூன்றாவது ஒத்திகையில் வேண்டுமென்றே குறுக்கிடவும். நடுவில் ஒரு கேள்வி, பாதியில் இன்னொருவர் வந்து நிற்பது, ஒரு நிமிடத்தில் ஒருவர் கிளம்புவது. கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு எந்தப் பாத்திரத்தில் விட்டோம் என்று பார்த்துத் தொடரப் பழகிக்கொள்ளட்டும். அவசரத்தில் இருப்பவருக்கு மூன்று வரி போதும்: கேள்வி, சுற்றிய பானை, முடிவு.

பிள்ளைகள் பதற்றத்தில் ஓட்டமாகப் பேசுவார்கள். இதற்கு ஒரு பழைய உபாயம் இருக்கிறது. மின்சாரத்தில் பெரிய கண்டுபிடிப்புகளைச் செய்த மைக்கேல் ஃபாரடே, லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சிறுவர்களுக்காகச் சொற்பொழிவுகள் நடத்தினார். ஒரே ஒரு மெழுகுவர்த்தியை மையமாக வைத்து 1860-61இல் அவர் நிகழ்த்தியவை 1861இல் புத்தகமாக வந்தன. அவர் பேசும்போது எதிரில் "மெதுவாக" என்று எழுதிய அட்டை ஒன்று இருக்கும். அதையும் மறந்து வேகம் பிடித்தால், உதவியாளர் அந்த அட்டையை எடுத்து அவர் முன்னால் வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நேரம் முடியப்போவதைச் சொல்லவும் இன்னொரு அட்டை இருந்தது. பேச்சில் கைதேர்ந்தவருக்கே அது தேவைப்பட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எவர்சில்வர் பாத்திரத்தின் தன் பக்கத்தில் "மெதுவா" என்று ஒரு துண்டுத் தாள் ஒட்டிக்கொள்ளலாம்.

கண்காட்சி நாள் காலை

பானைகள் இரண்டையும் முந்தின ராத்திரியே நனைத்து வைக்க வேண்டும். காய்ந்த பானை பத்து மணிக்குள் கசியத் தொடங்கிவிடும் என்று நம்ப முடியாது. சுற்றிய பானையின் பாலித்தீனில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கவும். ஒரு கிழிசல் போதும், அதுவும் குளிர ஆரம்பித்துவிடும். மேசைக்குத் தண்ணீர், துடைக்கத் துணி, விரல் நனைக்க ஒரு சின்னக் கிண்ணம், நோட்டு, தெர்மாமீட்டர் வேண்டும். மின்விசிறி ஓடுகிற பக்கமாக மேசை கிடைத்தால் நல்லது.

பெற்றோர் மேசையிலிருந்து தள்ளி, பேச்சு காதில் விழாத தூரத்தில் நிற்க வேண்டும். பக்கத்தில் நின்றால் ஒவ்வொரு கேள்விக்கும் பிள்ளை முதலில் அம்மாவின் முகத்தைத்தான் பார்க்கும். பதில் இருப்பதோ மேசையில், அந்த மூன்று பாத்திரங்களில்.